டொலர் ஏறினால் எல்லாம் ஏறுமா?

2022 மார்ச் 7 வரை இலங்கை மத்திய வங்கி ஓர் அமெரிக்க டொலரை 203 ரூபாவுக்குள் கட்டிவைத்திருந்தது. அன்று பிடியைத் தளர்த்தியது. மே மாத நடுப்பகுதிக்குள் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி வருடாந்தப் பணவீக்கம் அதே ஆண்டு செப்டெம்பரில் 69.8 வீதமாக உச்சம் தொட்டது. டொலரும் விலையும் எப்படித் தொடுபட்டிருக்கின்றன என்று அந்த ஆறேழு மாதங்கள் நமக்குக் கற்றுத்தந்தன. கூடவே சில பிழையான கணக்குகளையும் கற்றுத்தந்துவிட்டன.

“ரூபா 44 வீதம் விழுந்தது, ஆகவே பொருள் விலையும் 44 வீதம்தான் ஏறியிருக்க வேண்டும்.”

முதலில் வீதக் கணக்கைத் தெளிவாக்குவோம். ஒரு ரூபாவுக்குக் கிடைக்கும் டொலரைப் பார்த்தால் ரூபா 44 வீதம் விழுந்தது உண்மை. இறக்குமதியாளர் பார்ப்பதோ ஒரு டொலருக்குக் கொடுக்க வேண்டிய ரூபாவை. 203 இலிருந்து 360 என்றால் 77 வீத ஏற்றம். துறைமுகத்தில் வந்திறங்கும் பொருளின் ரூபா விலை இந்த 77 ஐத்தான் பின்தொடரும்.

அதுவும் ஏறக்குறைய முழுமையாகவே பின்தொடரும். மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. விலைப்பட்டியல் எழுதப்படுவதோ அமெரிக்க டொலரில். இலங்கையின் கொள்வனவு உலகச் சந்தையில் ஒரு துளி. நம் நாணயம் விழுந்துவிட்டது என்பதற்காக விற்பவர் டொலர் விலையைக் குறைக்கப்போவதில்லை. அமெரிக்காவுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அங்கே வரும் இறக்குமதியின் பெரும்பகுதி அவர்களுடைய சொந்த நாணயத்திலேயே விலையிடப்படுவதால், டொலர் பலவீனமடைந்தாலும் உள்ளூர் விலை உடனே அசைவதில்லை.

ஆனால் கடைத் தட்டுக்கு வரும்போது கதை மாறுகிறது. வசதிக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ பருப்பு ஒரு டொலருக்கு வந்திறங்குகிறது, அதாவது 203 ரூபா. துறைமுகச் செலவு, வரி, களஞ்சியம், லொறி, மொத்த வியாபாரி, சில்லறைக்காரர் எல்லாருக்குமாக 100 ரூபா. கடை விலை 303. டொலர் 360 ஆனதும், உள்ளூர்ச் செலவு அசையாவிட்டால், விலை 460 ஆகும். ஏற்றம் 52 வீதம். நடுவில் நிற்கும் அந்த 100 ரூபாதான் அதிர்ச்சியைத் தணிக்கிறது. கடைத்தெருவும் கூலியும் வாடகையும் விலையில் எவ்வளவு பங்கு வகிக்கின்றனவோ, அவ்வளவுக்கு டொலரின் ஏற்றம் விலைக்குக் கடத்தப்படுவது குறையும்.

இது முதல் சுற்று மட்டும். ஒரு லீற்றர் டீசல் 2021 டிசம்பரில் 121 ரூபா, 2022 ஜூன் இறுதியில் 460 ரூபா. லொறிக் கூலி அப்படியே இருக்குமா? அந்த 100 ரூபா 150 ஆனால் பருப்பு 510 ரூபாவாகிறது. ஏற்றம் 68 வீதம். முதல் சுற்று சில வாரங்களில் வந்துவிடும். இரண்டாவது சுற்று மாதக்கணக்கில் இழுபடும். பணவீக்கத்தின் உச்சம் மே மாதத்தில் அல்லாமல் செப்டெம்பரில் வந்ததற்கு இது ஒரு காரணம்.

77 உம் 69.8 உம் அருகருகே இருப்பதைப் பார்த்து, ‘டொலர் ஏறியதுதான் முழுக் காரணம்’ என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு எண்களும் நெருங்கி வந்தது பெரும்பாலும் தற்செயல். 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்ததால் நெல் விளைச்சல் சரிந்தது. உக்ரைன் போரால் எண்ணெயும் கோதுமையும் டொலரிலேயே விலையேறின. பெறுமதி சேர் வரி 8 இலிருந்து 12 ஆகி, செப்டெம்பரில் 15 வீதமானது. அரசின் பற்றாக்குறையை நிரப்ப மத்திய வங்கி அச்சிட்ட பணமும் அதே காலத்தில் சந்தையில் சுழன்றுகொண்டிருந்தது. இவை எல்லாவற்றையும் டொலரின் கணக்கில் எழுதிவிட்டால், அடுத்த முறை டொலர் 10 வீதம் ஏறும்போது விலையும் 9 வீதம் ஏறும் என்று வீணாகப் பயப்படுவோம்.

“உள்ளூர்ப் பொருளுக்கும் டொலருக்கும் என்ன தொடர்பு?”

பேக்கரியில் போட்ட பாண் உள்ளூர்ப் பொருள். அதன் மா வெளிநாட்டுக் கோதுமை. முட்டை உள்ளூர், கோழி தின்னும் சோளத்தில் ஒரு பகுதி கப்பலில் வந்தது. வடக்கு மீனவர் பிடிக்கும் மீனைவிட உள்ளூரான பொருள் வேறென்ன? ஆனால் சிறு வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. மானியத்தில் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர், 2022 ஒகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபாவானது. அரசு விலை நிர்ணயிக்கும் பொருட்களில் கடத்தல் இப்படித்தான் நடக்கும்: மாதக்கணக்கில் ஒன்றுமே தெரியாது, பிறகு மொத்தமாக வந்து விழும்.

“டொலரைக் கட்டிவைத்திருந்தால் விலை ஏறியிருக்காது.”

இதுதான் இன்றும் அதிகம் கேட்கும் வாதம், என் பார்வையில் மிகப் பிழையானதும் இதுவே. டொலர் 203 ரூபாவில் அசையாமல் நின்ற காலத்துப் பணவீக்கத்தைப் பாருங்கள்: 2021 டிசம்பரில் 12.1, 2022 ஜனவரியில் 14.2, பெப்ரவரியில் 15.1 வீதம். உத்தியோகபூர்வ வீதம் நகரவில்லை, விலை மட்டும் நகர்ந்தது.

காரணம் எளிது. 203 என்பது பலகையில் இருந்த விலை. அந்த விலைக்கு வங்கியில் டொலர் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் உழைத்தவர்கள் உண்டியல் வழியாக அதிக விலைக்கு மாற்றி அனுப்பினார்கள். வங்கி வழியே வந்த பணம் 2020 இல் சுமார் 710 கோடி டொலர், 2021 இல் 550 கோடிக்கும் கீழ். வங்கியில் கடன் கடிதம் திறக்க முடியாத இறக்குமதியாளர் வெளியே டொலர் தேடினார். அவர் விலை வைத்தது தனக்குக் கிடைத்த டொலரின் விலையில்தான். அதுவும் கிடைக்காதவர் கொண்டுவரவேயில்லை. 2021 ஒக்டோபரில் பால்மா, எரிவாயு, கோதுமை மா, சீமெந்து ஆகியவற்றின் விலைக் கட்டுப்பாட்டை அரசே நீக்க வேண்டி வந்தது. வரிசையில் நின்ற நேரமும் ஒரு விலைதான், ஆனால் எந்தச் சுட்டெண்ணும் அதைக் கணக்கெடுப்பதில்லை. ஆகவே பலகை வீதத்தை மட்டும் வைத்து அளந்தால் கடத்தல் பூச்சியம் போலத் தோன்றும். உண்டியல் வீதத்தை அருகில் வைத்துப் பார்த்தால்தான் விலை எதைத் துரத்தியது என்று தெரியும்.

“டொலர் இறங்கியது, பணவீக்கமும் குறைந்தது, பிறகேன் கடையில் பழைய விலை இல்லை?”

2023 ஜூனில் டொலர் 300 ரூபாவை ஒட்டி வந்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதம். ஒரு வருடத்துக்கு முன்னர் 303 இலிருந்து 510 ஆன பருப்பு இனி 1.3 வீதம் மட்டுமே ஏறினால், அதன் விலை 516 ரூபாவுக்கு மேல். ஏற்றத்தின் வேகம் நின்றது, ஏறிய உயரம் அப்படியே இருந்தது.

இங்கே வியாபாரிகள் மீதான முறைப்பாட்டில் பாதி நியாயம் உண்டு. டொலர் ஏறியபோது பழைய சரக்கையும் புதிய விலைக்கு விற்றார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். பழைய விலைக்கு விற்ற காசில் அடுத்த சரக்கை வாங்க முடியாது. ஆனால் அதே நியாயப்படி, டொலர் இறங்கும்போது பழைய சரக்கையும் இறங்கிய விலைக்கே கொடுக்க வேண்டும். அப்போது மட்டும் ‘இது விலை கூடின நேரத்தில் எடுத்தது’ என்பார்கள். போட்டி அதிகமுள்ள பருப்பு, சீனி போன்றவற்றில் இந்தச் சாக்கு நெடுநாள் செல்லாது. ஓரிருவர் கையில் உள்ள பொருட்களில் செல்லும். கூட்டிய சம்பளமும் ஏற்றிய வரியும் எப்படியும் டொலரோடு சேர்ந்து இறங்குவதில்லை.

விலைமட்டம் உண்மையாகவே கீழிறங்கியது 2024 செப்டெம்பரிலிருந்துதான். 2025 பெப்ரவரியில் கொழும்புச் சுட்டெண் முந்தைய ஆண்டைவிட 4.2 வீதம் குறைந்திருந்தது. அந்த ஓராண்டில் ரூபா கொஞ்சம்தான் வலுத்திருந்தது. சுட்டெண்ணை இழுத்து இறக்கியதில் பெரும்பங்கு மின்கட்டணத்துடையது. 2025 ஜனவரியில் மட்டும் அது 20 வீதம் வெட்டப்பட்டது.