எந்தத் தேதிக்கும் நிலவின் வயது: மூன்று எண்களைக் கூட்டினால் போதும்

அமாவாசை கழிந்து எத்தனை நாளாயிற்று என்பதுதான் நிலவின் வயது. ஆண்டுக்கு ஓர் எண், மாதத்துக்கு ஓர் எண், அதோடு தேதி. இந்த மூன்றையும் கூட்டினால் வயது கிடைத்துவிடும்.

1. ஆண்டு எண்: ஆண்டை 19ஆல் வகுத்து, மீதியை 11ஆல் பெருக்குங்கள். விடை 30ஐத் தாண்டினால் 30, 30ஆகக் கழியுங்கள். 2026க்கு மீதி 12; 12 × 11 = 132; கழித்தால் 12. பன்னிரண்டு அமாவாசைகள் சுற்றிவர 354 நாள், ஆண்டுக்கோ 365. அந்த 11 நாள் வித்தியாசம்தான் இந்தப் பெருக்கல். 19 ஆண்டுக்கு ஒருமுறை அதே தேதிகளில் அமாவாசை திரும்பி வருவதால்தான் 19ஆல் வகுக்கிறோம்.

2. மாத எண்: ஜனவரி 0, பிப்ரவரி 1. மார்ச்சில் மீண்டும் 0. அதிலிருந்து மாதத்துக்கு ஒன்று கூடி, ஏப்ரல் 1, மே 2 என்று டிசம்பருக்கு 9 வரும். ஜனவரியும் பிப்ரவரியும் சேர்ந்து 59 நாள், அதாவது சரியாக இரண்டு நிலாச் சுற்று. அதனால்தான் மார்ச் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது.

3. கூட்டல்: இரண்டோடும் தேதியைக் கூட்டி, 30க்கு மேல் போனால் மறுபடி கழியுங்கள்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஐப் பார்ப்போம். மீதி 9, 99இல் 90 போக ஆண்டு எண் 9. 9 + 9 + 26 = 44; 30 போக 14. அன்று பௌர்ணமிதான். அதே தேதி, 2019: மீதி 5, 55இல் 30 போக 25. 25 + 9 + 26 = 60, கழித்தால் 0, அமாவாசை. அன்று காலைதான் கோவை, திண்டுக்கல் பக்கம் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது.

விடையைப் படிப்பது: 0, 29, 30 வந்தால் அமாவாசை. 2 அல்லது 3 என்றால் அந்தி சாய்ந்ததும் மேற்கில் மெல்லிய பிறை. 7 என்றால் மாலையில் உச்சிக்கு அருகே அரைநிலா; நள்ளிரவு வாக்கில் மறையும். 14, 15 பௌர்ணமி. 22 என்றால் தேய்பிறை அரைநிலா, நள்ளிரவு வாக்கில்தான் உதிக்கும்.

இந்தக் கணக்கு ஒரு நாள், அரிதாக இரண்டு நாள் பிசகும். 1995 அக்டோபர் 24 சூரிய கிரகண நாள்; கணக்கில் 0 + 7 + 24 = 31, அதாவது 1 வருகிறது. நிலவின் ஓட்டம் ஒரே சீராக இல்லாததும், மாத எண்ணை முழு எண்ணாக வைத்திருப்பதும் காரணம். 1900 முதல் 2099 வரை இதை நம்பலாம். இரவுப் பயணத்துக்கோ வானம் பார்க்கவோ நாள் குறிக்க இது போதும். தர்ப்பணத்துக்கும் விரதத்துக்கும் திதி தொடங்கும் நேரம் வேண்டும், அதற்குப் பஞ்சாங்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.