கட்டம் கட்டமாகப் பில் போடும் வேலைக்கு வருவாய் பதிவது எப்படி

பில் போட்ட தொகையும் அந்த ஆண்டின் வருவாயும் ஒன்றல்ல. எப்போது எவ்வளவு பணம் கேட்கலாம் என்பதை ஒப்பந்தம் சொல்லும். வேலை எந்த அளவுக்கு வாடிக்கையாளர் கைக்குப் போயிருக்கிறது என்பதைக் கணக்குதான் சொல்ல வேண்டும். இந்தியாவில் இதற்கான விதி, 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இண்ட் ஏஎஸ் 115.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை தன் வளாகத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டுகிறது என்று கொள்ளலாம். ஜிஎஸ்டி நீங்கலாக ஒப்பந்தத் தொகை 1 கோடி ரூபாய். ஒப்பந்தக்காரர் கணக்கிட்ட மொத்தச் செலவு 80 லட்சம். அதில் 30 லட்சம், வெளி நிறுவனம் ஒன்றிடமிருந்து அப்படியே வாங்கிப் பொருத்தும் ஆவியாக்கி இயந்திரத்துக்கு. மீதி 50 லட்சம் தொட்டி, குழாய், மின்வேலை, ஆள்கூலி ஆகியவற்றுக்கு. பில் நான்கு கட்டம்: ஆர்டரின்போது 30 சதவீதம், இயந்திரம் களத்தில் இறங்கியதும் 30, பொருத்தி முடித்ததும் 30, சோதனை ஓட்டம் முடிந்ததும் 10.

முதல் வேலை, வருவாயை வேலை நடக்க நடக்கப் பதியலாமா, முடிந்த பிறகுதான் பதிய வேண்டுமா என்று தீர்மானிப்பது. இங்கே நிலையம் வாடிக்கையாளரின் நிலத்தில் எழுகிறது. எழுப்பிய ஒவ்வொரு தொட்டியும் அப்போதே அவர் கட்டுப்பாட்டுக்குப் போய்விடுகிறது. ஆகவே நடக்க நடக்கப் பதியலாம். அதே இயந்திரத்தை ஒப்பந்தக்காரர் தன் பட்டறையில் செய்து கடைசியில் ஒப்படைப்பதானால், இந்தக் கேள்விக்கு விடை மாறலாம். பில் எத்தனை கட்டம் என்பது இந்தத் தீர்மானத்துக்குச் சான்றாகாது.

அடுத்தது, முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பது. ஆண்டுச் சந்தாவில் சிக்கல் குறைவு. சேவை நாள்தோறும் ஒரே சீராகப் போவதால் காலமே அளவுகோல், தொகையைப் பன்னிரண்டால் வகுத்தால் போதும். கட்டுமானத்தில் அது எடுபடாது. பெரும்பாலானோர் கையாளும் அளவுகோல் செலவு விகிதம்: இதுவரை ஆன செலவை மொத்த மதிப்பீட்டால் வகுப்பது.

2025 மார்ச் 31 அன்று நிலவரம் இது. இயந்திரம் களத்தில் இறங்கி, தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. பொருத்தும் வேலை தொடங்கவில்லை. மற்ற வேலைகளுக்கு 20 லட்சம் செலவாகியிருக்கிறது. இரண்டு பில்கள் போயாயிற்று, மொத்தம் 60 லட்சம்.

இந்த இடத்தில்தான் கணக்கு அடிக்கடி வழுக்குகிறது. 60 லட்சத்தையே வருவாயாக எழுதுவது ஒரு பிழை. கொஞ்சம் விவரம் தெரிந்தவர் செய்யும் பிழை வேறு: ஆன செலவு 50, மொத்தம் 80, ஆகவே 62.5 சதவீதம் என்று சொல்லி 62.5 லட்சம் எழுதுவார். லாபம் 12.5 லட்சம் வந்துவிடும். ஆனால் அந்த லாபத்தின் பெரும்பகுதி, யாரோ செய்த இயந்திரம் லாரியில் வந்து இறங்கியதால் மட்டுமே கிடைத்தது. பொருத்தும் வேலைக்கு வெகு முன்பே வாடிக்கையாளர் கைக்குப் போகும், விலை கூடிய, ஒப்பந்தக்காரர் வடிவமைக்காத பொருளின் செலவை முன்னேற்ற அளவிலிருந்து விலக்க வேண்டும். அதன் விலைக்குச் சமமான தொகையை மட்டும் லாபமின்றி வருவாயில் சேர்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முன்னேற்றம் 50இல் 20, அதாவது 40 சதவீதம். ஒப்பந்தத் தொகையில் இயந்திர விலை போக மீதி 70 லட்சம். அதில் 40 சதவீதம் 28 லட்சம். இயந்திரத்துக்கான 30 லட்சத்தைக் கூட்டினால் வருவாய் 58 லட்சம், செலவு 50 லட்சம், லாபம் 8 லட்சம். மொத்தத்தில் எதிர்பார்க்கும் லாபம் 20 லட்சம், அதில் 40 சதவீதம் 8 லட்சம். இந்தப் பொருத்தம் வந்தால் கணக்கு சரி.

பதிவு எளிது. ஆண்டுக்குள் ஒவ்வொரு பில்லையும் வாடிக்கையாளர் கணக்கில் பற்று வைத்து, ஒப்பந்தப் பொறுப்புக் கணக்கில் வரவு வைக்கலாம், நேரே வருவாயில் வேண்டாம். ஆண்டு முடிவில் 58 லட்சத்தைப் பொறுப்பிலிருந்து வருவாய்க்கு மாற்றினால், மீதமுள்ள 2 லட்சம் இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாக நிற்கும். பில்லை விட வருவாய் கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசம் ஒப்பந்தச் சொத்து. ஜிஎஸ்டி இதில் எங்கும் கலக்காது. முன்பணம் வாங்கியபோதும் பில் போட்டபோதும் அது தனியே கட்டப்பட்டுவிடும். அதனால் ஜிஎஸ்டி விற்றுமுதலும் கணக்கு விற்றுமுதலும் வேறுபடுவது இயல்பு. வேறுபாட்டுக்கு ஒரு சரிகட்டும் பட்டியலை மார்ச்சிலேயே எழுதி வைப்பது நல்லது.

அடுத்த ஆண்டு மதிப்பீடு மாறும். அடித்தளம் தோண்டும்போது பாறை தட்டியதால், இயந்திரம் நீங்கலான செலவு 50 லட்சத்திலிருந்து 60 ஆகிறது என்று கொள்ளலாம். 2025 செப்டம்பர் முடிவில் அதில் 45 லட்சம் செலவாகிவிட்டது. முன்னேற்றம் 75 சதவீதம். தொடக்கத்திலிருந்து வருவாய், 70இல் முக்கால் பங்கான 52.5, அதோடு 30, ஆக 82.5 லட்சம். ஏற்கெனவே பதிந்த 58ஐக் கழித்தால் இந்த ஆறு மாத வருவாய் 24.5 லட்சம். இதே காலச் செலவோ 25 லட்சம். லாபமுள்ள ஒப்பந்தம் இந்த அரையாண்டில் அரை லட்சம் நட்டம் காட்டும். இது பிழையல்ல. முந்தைய ஆண்டைத் திருத்தாமல், மாற்றத்தை முழுக்க இப்போதே ஏற்பதன் விளைவு. மொத்தச் செலவு 104 லட்சம் ஆகும் என்று தெரிந்துவிட்டால், 4 லட்ச நட்டத்தை வேலை முடியும்வரை பரப்பக் கூடாது. தெரிந்த அன்றே முழுவதையும் எழுத வேண்டும்.

தவறாகப் பற்றவைத்த குழாயைப் பிரித்து மறுபடி போட்ட செலவு வேறு வகை. அது செலவில் வரும், முன்னேற்றத்தில் வராது. இதைச் சேர்த்துவிட்டால் வேலை கெடக் கெட வருவாய் ஏறும் விபரீதம் நேரும். ஆகவே காலாண்டுக்கு ஒருமுறை களப் பொறியாளரிடம் எத்தனை சதவீதம் முடிந்தது என்று எழுதி வாங்கி, செலவு விகிதத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் வெகுவாக விலகினால் மதிப்பீடோ செலவுப் பதிவோ பிசகியிருக்கிறது. ஒப்பந்தச் சொத்து காலாண்டுக்குக் காலாண்டு வளர்ந்துகொண்டே போனால், வாடிக்கையாளர் ஏற்காத வேலையை முன்னேற்றமாக எண்ணுகிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

இண்ட் ஏஎஸ் பொருந்தாத சிறு நிறுவனங்களுக்கு ஏஎஸ் 7 இருக்கிறது. அதன் போக்கும் இதுவே. ஆனால் ஒப்பந்தத்துக்கென்றே செய்யப்படாமல் களத்தில் பொருத்தாமல் கிடக்கும் பொருளின் செலவு அங்கே முன்னேற்றத்தில் சேராது. பொருத்தும்வரை அது இருப்பாகவே நிற்கும்.

சோதனை ஓட்டத்தில் நீரின் தரம் எட்டாவிட்டால் தொகையில் பிடித்தம் உண்டு என்று ஒப்பந்தம் சொன்னால், அந்தப் பகுதியைத் தொடக்கத்திலேயே வருவாயில் எண்ணக் கூடாது. பின்னால் திருப்ப வேண்டியிராது என்பதற்கு மிக அதிக வாய்ப்புள்ள அளவை மட்டும் எண்ண வேண்டும். நிலையம் ஓடத் தொடங்கிய பின் வரும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், அதற்குரிய இயல்பான விலையில் இருந்தால், தனிக் கணக்கு. 2025 டிசம்பர் 1 முதல் ஓராண்டுக்கு 2,40,000 ரூபாய் முன்கூட்டி வாங்கினால், 2026 மார்ச் 31 வரை நான்கு மாதத்துக்கு 80,000 வருவாய். மீதி 1,60,000 அடுத்த ஆண்டுக்குரிய பொறுப்பு.