பவுனும் கிராமும்: அம்மாவின் நோட்டில் ஒரு புள்ளி

போன செமஸ்டர் அக்காவின் கல்விக் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்கலாம் என்று வீட்டில் முடிவானது. அம்மா ஒரு பழைய நோட்டை என்னிடம் நீட்டி, "நீதான் இஞ்சினியரிங் படிக்கிறே, மொத்தம் எவ்வளவுன்னு போடுடா" என்றார். அதில் நான்கு வரி:

ஆரம் – 5.6 பவுன்
அட்டியல் – 3½ பவுன்
வளையல் ஒரு ஜோடி – 22.40 கிராம்
ஜிமிக்கி – 7.85 கிராம்

நம் நகைக்கடைகளில் 1 பவுன் என்றால் 8 கிராம். (பழைய ஆங்கில பவுன் காசு சரியாக 8 கிராம் இல்லை, சுமார் 7.99. பாட்டியின் காசு வீட்டில் இருந்தால் இது ஞாபகம் இருக்கட்டும்.) நான் யோசிக்காமல் 5.6ஐயும் 3.5ஐயும் கூட்டினேன். 9.1 பவுன். எட்டால் பெருக்கினால் 72.80 கிராம். வளையல், ஜிமிக்கி சேர்த்து 103.05 கிராம். "அவ்வளவுதான்மா" என்றேன்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஆரமே நாப்பத்தாறு கிராமுடா, வாங்கும்போது கடையில சொன்னாங்க." ஐந்து புள்ளி ஆறை எட்டால் பெருக்கினால் 44.8தானே? எப்படி 46 ஆகும்?

கோளாறு அந்தப் புள்ளியில் இருந்தது. அம்மா எழுதிய 5.6, தசமம் இல்லை. அது "5 பவுன் 6 கிராம்". நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இப்படித்தான் எழுதுவார்கள். 5 × 8 = 40, அதோடு 6, ஆக 46 கிராம். ஆனால் அடுத்த வரியில் உள்ள 3½ உண்மையிலேயே பாதி பவுன். அது 28 கிராம். ஒரே பட்டியலில் இரண்டு முறையில் எழுதியிருக்கிறார். கால்குலேட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

டிஜிட்டல் பாடத்தில் எட்டின் அடிமான எண்கள் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். பவுன்-கிராம் முறையில் புள்ளிக்குப் பின்னால் 7க்கு மேல் முழு எண் வரக்கூடாது, எட்டானால் அது அடுத்த பவுன். 5 பவுன் 6 கிராமோடு 3 பவுன் 5 கிராமைக் கூட்டினால் கிராம் பக்கம் 11 வரும். அதில் எட்டை எடுத்து பவுனில் சேர்த்தால் 9 பவுன் 3 கிராம். கால்குலேட்டர் சொல்வதோ 9.1. ஆகவே நோட்டில் 4.8, 2.9 என்று இருந்தால் அது நிச்சயம் தசமம்தான். 7 அல்லது அதற்குக் கீழே என்றால் எண்ணைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. பழைய ரசீதைத் தேடுங்கள், இல்லாவிட்டால் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். எங்கள் தராசு முழு கிராம்தான் காட்டும். இருந்தும் ஆரத்தை வைத்ததும் 46 என்று காட்டியது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு வரியையும் முதலில் கிராமாக்கினேன்: 46.00, 28.00, 22.40, 7.85. மொத்தம் 104.25 கிராம். என் முதல் கணக்கில் 1.2 கிராம் காணாமல் போயிருந்தது. கிராமுக்கு 400 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் அது 480 ரிங்கிட்.

அப்பாவின் 750 மோதிரத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. மற்றதெல்லாம் 916. தரம் வேறானால் எடையை நேரே கூட்டக்கூடாது; 4 கிராம் 750 தங்கத்தில் இருக்கும் சுத்தத் தங்கம், சுமார் 3.28 கிராம் 916 நகையில் இருப்பதற்குச் சமம்.

அடகுக்கடைத் தராசில் மொத்தம் 104.01 காட்டியது. தினமும் போடும் வளையல் கொஞ்சம் தேய்ந்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை. கடைக்காரர் அட்டியலின் கல்லுக்கு 2.60 கிராமும், ஜிமிக்கி முத்துக்கு 0.45 கிராமும் கழித்தார். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது, ஏமாற்றுகிறார்களோ என்று. ஆனால் நோட்டில் இருந்தது கல்லோடு சேர்ந்த எடை. கடன் தங்கத்துக்கு மட்டும்தான். கழிவு எவ்வளவு என்பது கடைக்காரரின் மதிப்பீடு, அதனால் ஒவ்வொரு நகைக்கும் எவ்வளவு கழித்தார் என்று தனித்தனியாகக் கேட்டுக்கொண்டேன். மீதி 100.96 கிராம். அதே 400 ரிங்கிட்டில் 40,384 ரிங்கிட். மதிப்பில் 70 விழுக்காடு கடன் என்று வைத்தால் 28,268.80 ரிங்கிட்.

வெளியே வந்ததும் அம்மா, "பவுன்ல சொல்லு" என்றார். 100.96ஐ எட்டால் வகுத்தால் 12.62. அப்படிச் சொல்லவில்லை. "பன்னிரண்டு பவுன், கிட்டத்தட்ட அஞ்சு கிராம்மா" என்றேன். வீட்டுக்கு வந்து சீட்டில் இருந்த எடைகளை அந்த நோட்டில் கிராமில் எழுதி, பக்கத்தில் "கல் நீக்கி" என்றும் குறித்துவைத்தேன்.