சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகுமுன்

சில ஆண்டுகளுக்கு முன் நாம் நாற்பது கட்டுத் துண்டுகளை ஏற்றிக்கொண்டு ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போனோம். அது செவ்வாய்ச் சந்தை என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆதலால் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போய் இறங்கினோம். சந்தை கூடித்தான் இருந்தது, கூட்டமும் குறைவில்லை. ஆனால் ஒரு துண்டு, இரண்டு துண்டு வாங்குவோரே எதிர்ப்பட்டனர். கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்த மொத்த வியாபாரிகள் இரவோடிரவாகக் கொள்முதலை முடித்துச் சிப்பம் கட்டிப் புறப்பட்டு விட்டனர். புதன்கிழமை நெசவாளர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டிய வாரம் அது. முப்பத்தேழு கட்டுகளுடன் திரும்பினோம்.

பிழை நம்முடையதே. சந்தைக்கு வழங்கும் கிழமைப் பெயர் ஒன்று. மொத்த வியாபாரம் நடக்கும் நேரம் வேறொன்று. ஈரோட்டில் திங்கட்கிழமை மாலையே வியாபாரம் தொடங்கிச் செவ்வாய் வரை நீள்கிறது. இவ்வாறு முதல் நாள் மாலையிலோ இரவிலோ தொடங்கும் சந்தைகள் ஆடுமாட்டுச் சந்தைகளிலும் உண்டு. "என்றைக்குச் சந்தை?" என்று கேட்டால் பெயரைத்தான் சொல்வார்கள். "வெளியூர் வியாபாரிகள் எப்போது வந்து எப்போது போகிறார்கள்?" என்று கேட்பவருக்கே வேண்டிய விடை கிடைக்கும்.

அடுத்த முறை சரக்கு இல்லாமல், ஒரு வாரம் முன்னதாக, விசாரிப்பதற்கென்றே போனோம். ஒருவருடைய பேருந்துக் கட்டணமும் அரைநாள் பொழுதும் செலவு. நாற்பது கட்டுகளை ஏற்றி இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று.

முதலில் இடம். ஈரோட்டில் வெறுமனே "சந்தை" என்று சொல்லி வண்டி ஏறினால் கருங்கல்பாளையத்து மாட்டுச் சந்தையில் இறக்கிவிடப்படவும் கூடும். ஜவுளிச் சந்தை என்று சொன்னாலும் அது ஓரிடத்தில் அடங்கியதன்று. பன்னீர்செல்வம் பூங்காவை அடுத்த கனி மார்க்கெட் என்பது பலரும் அறிந்தது, அசோகபுரத்திலும் கூடுகிறது. கனி மார்க்கெட்டிலேயே நாள்தோறும் திறந்திருக்கும் கடைகள் வேறு, வாரக் கடைகள் வேறு. ஆகவே இடத்தைக் கேட்கும்போது சரக்கின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துண்டு, லுங்கி, போர்வை, ஆயத்த ஆடை ஆகியவற்றை வாங்குவோர் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பதில்லை.

யாரைக் கேட்பது என்பதில்தான் நாம் அதிகம் கற்றுக்கொண்டோம். தேநீர்க் கடைக்காரர் ஒருவர், "காலையில எட்டு மணிக்கு வாங்க, நல்ல கூட்டமா இருக்குமுங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கடைக்குக் கூட்டம் வரும் நேரம் அதுவே. சந்தைக்குள் நிலையான கடை வைத்திருந்த ஒருவர், வாரச் சந்தையில் இப்போது வியாபாரமே இல்லையென்றும், துண்டுகளைத் தம்மிடமே கொடுத்துவிடலாமென்றும் சொன்னார். அவருடைய நோக்கம் நமக்குப் புரியாமல் இல்லை. சாக்கும் கயிறும் விற்பவர் மட்டும், "திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதானுங்க எனக்குச் சாக்கு ஓடும், ராத்திரி ஒரு மணியோட சரி" என்றார். பிறகு லாரிப் பார்சல் அலுவலகத்தில், எந்த இரவு சிப்பங்கள் மிகுதியாக வருகின்றன என்று கேட்டோம். அவர்கள் சொன்னதும் சாக்குக் கடைக்காரர் சொன்னதும் ஒத்திருந்தன. சாக்கு வாங்குகிறவன் சரக்கு வாங்கியவன். பார்சல் போடுகிறவன் ஊர் திரும்புகிறவன். இவ்விருவரையும் பார்க்கும் கடைகளுக்கே மொத்த வியாபாரத்தின் நேரம் தெரியும். நமக்கு யாதொன்றும் விற்கவோ நம்மிடம் வாங்கவோ வேண்டாதவராக அக்கடைக்காரர்கள் இருப்பது மேலும் நல்லது.

வாயிலைப் பற்றியும் அவர்களிடமே கேட்கலாம். சாலையை நோக்கிய அலங்கார வாயில் வாங்க வருவோருக்கு உரியது. சுமை இறங்குவது பெரும்பாலும் பக்கத்துச் சந்தில். கைவண்டிகள் நிற்பதும், தரையில் கயிற்றுத் துண்டும் சாக்கு நாரும் சிதறிக் கிடப்பதும், சுங்கம் வசூலிப்பவர் மேசை போட்டிருப்பதும் அதற்கு அடையாளம். அச்சந்துக்கு வரும் தெருவின் முனையில் போக்குவரத்துப் போலீசார் வைத்த பலகை இருக்கிறதா என்றும் பார்த்துவர வேண்டும். இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை சரக்கு வண்டிகள் நுழையக்கூடாது என்று அதில் எழுதியிருந்தால், வாயில் தெரிந்தும் பயனில்லை. கட்டுகளைத் தெருமுனையில் இறக்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோக நேரும்.

காய்கறியும் தானியமும் கொண்டுபோகும் விவசாய அன்பர்களுக்குச் சிற்றூர்ச் சந்தைகளே மிகுதியும் பயன்படுவன. அங்கே கடைகள் குறைவு. ஆகையால் அறிவிப்புகளைப் படிப்பதே நல்ல வழி. ஊராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில், வாரச் சந்தைச் சுங்கம் வசூலிக்கும் உரிமைக்கான ஏல அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும். நாம் ஏலம் எடுக்கப் போவதில்லை என்று அதைக் கடந்து போய்விடுகிறோம். சந்தை எது, எந்தக் குத்தகைக் காலத்துக்கு ஏலம் என்பனவற்றை அலுவலகமே எழுதியிருப்பது அத்தாளில்தான். குத்தகை பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவது. சந்தை வாயிலில் உள்ள கட்டணப் பலகையில், கூடைக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று எழுதியதன் கீழ் எந்த ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். காலம் முடிந்த பலகையானால் நடப்புக் கட்டணத்தை அலுவலகத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்வதும், பணம் கட்டும்போது ரசீது பெறுவதும் அவசியம்.

சுவரில் ஒட்டிய தாள்கள் ஏமாற்றக் கூடியவை. பண்டிகையை முன்னிட்டுச் சந்தை நாள் மாற்றப்பட்டதாக ஒரு தாள் இருக்கும், ஆண்டு இராது. இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. தாளில் உள்ள தேதியையும் கிழமையையும் நாட்காட்டியோடு ஒப்பிடுவதுதான் அது. "அக்டோபர் 24, செவ்வாய்" என்று இருந்தால் அது 2023-ஆம் ஆண்டுக்குப் பொருந்தும். 2024-இல் அதே தேதி வியாழக்கிழமை. பொருந்தாத தாள் பழைய தாள். இடம் மாறிய சந்தைகளின் பெயர்ப் பலகைகளும் இப்படியே. ஈரோட்டு நேதாஜி காய்கறிச் சந்தை 2020-இல் பெருந்தொற்றை முன்னிட்டு வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. அத்தகைய மாற்றத்திற்குப் பின்னும் ஊரார் வாயில் பழைய இடமே சில காலம் வழங்கும்.

தேர்தல் காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்ததும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆவணமின்றிக் கொண்டுவரும் ரொக்கம் சோதனையில் பிடிக்கப்படுகிறது. அதனால் வெளிமாநில வியாபாரிகள் வரத் தயங்குவர். நாளும் இடமும் மாறாமலே சந்தை வெறிச்சோடும். இதை எந்தத் தாளும் அறிவிக்காது. பார்சல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, சென்ற வாரம் எத்தனை சிப்பங்கள் போயின என்று கேட்டால் தெரிந்துவிடும்.

விசாரித்துத் திரும்பிய அடுத்த திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு அதே நாற்பது கட்டளவு சரக்கைப் பக்கத்துச் சந்தில் இறக்கினோம். நள்ளிரவுக்குள் முப்பத்து நான்கு விற்றன. எஞ்சிய ஆறும் அகலக் கரை போட்டவை; அன்று வந்த வியாபாரிகள் சிறு கரையே கேட்டார்கள். அந்த ஆறு கட்டுகளைச் செவ்வாய்க் காலையில் சில்லறையாக விற்றுவிட்டுப் பிற்பகல் பேருந்தில் ஊர் வந்து சேர்ந்தோம். புதன்கிழமை கூலி பட்டுவாடா ஆயிற்று.