மூணு கொட்டேஷன், ஒரு மதிப்பெண் தாள்: வேப்பம் புண்ணாக்கு வாங்கும் கணக்கு

சேர்ந்து இடுபொருள் வாங்கும் உழவர் குழுக்களில் வழக்கமா நடப்பது இதுதான். நாலு கடையில் விலைப்புள்ளி கேட்போம். எது குறைச்சலோ அதுக்கு முன்பணம் கொடுத்திடுவோம். எங்கள் குழுவில் இப்போ அப்படிச் செய்வதில்லை. ஒரு தாளில் மதிப்பெண் போட்டுத்தான் முடிவு எடுக்கிறோம். 5 டன் வேப்பம் புண்ணாக்கு வாங்குவதை வைத்து அதைச் சொல்கிறேன். விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்கு விளங்குவதற்காக முழு எண்களாகவே தருகிறேன்.

முதல் வேலை, கொட்டேஷனைப் பிரிக்கும் முன்னாடியே எதுக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதி வைப்பது. விலையைப் பார்த்த பிறகு எழுதினால், மனசுக்குப் பிடிச்ச கடைக்கு ஏற்றபடி எண்கள் வளைந்துவிடும். நாங்கள் தரத்துக்கு 40, விலைக்கு 30, சொன்ன நாளில் வருவதற்கு 20, சரக்கைத் திருப்பி எடுக்கும் நிபந்தனைக்கு 10 என்று வைத்தோம். "ஆலையில் பிழிந்த புண்ணாக்கு, கரைப்பான் கொண்டு எண்ணெய் எடுத்தது அல்ல" என்று எழுதித் தராத கடையைத் தாளிலேயே சேர்ப்பதில்லை. இதுக்கு மதிப்பெண் கிடையாது. உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து விலை. தோட்டத்து வாசலில் இறங்கும்போது கிலோ என்ன விலை என்பதையே ஒப்பிட வேண்டும். முதல் கடை 26 ரூபாய். லாரி வாடகை 2 ரூபாய் தனி, ஆக 28. இரண்டாவது கடை வாடகையோடு சேர்த்து 29. மூன்றாவது அதேபோல 32. ஆகக் குறைந்த விலைக்கு முழு 30 மதிப்பெண். மற்ற கடைகளுக்கு, 28-ஐ அவரவர் விலையால் வகுத்து 30-ஆல் பெருக்கணும். அப்படி 29-க்கு 29 மதிப்பெண்ணும், 32-க்கு 26 மதிப்பெண்ணும் வரும்.

தரத்துக்கு ஒவ்வொரு கடையிலும் சாம்பிள் வாங்கி, கடைப் பெயரை மறைத்து எண் மட்டும் எழுதுவோம். 100 கிராம் தூளைத் தண்ணீரில் கலக்கினால் புண்ணாக்கு மிதந்து கலங்கி நிற்கும், மணல் அடியில் தங்கும். மேல்நீரை மெதுவாக நாலைந்து முறை வடித்து, அடியில் நிற்பதைக் காயவைத்து எடை போடுங்கள். 2 கிராமுக்குள் இருந்தால் ஐந்துக்கு 5, 5 கிராமுக்குள் 4, 8-க்குள் 3, 12-க்குள் 2, அதுக்கு மேலே 1. எங்களுக்கு வந்தது: முதல் கடை 12 கிராம், இரண்டாவது 3, மூன்றாவது 1. முதல் கடைச் சரக்கை வாங்கியிருந்தால் 5 டன்னில் 600 கிலோ மணல். 28 ரூபாய் வீதம் மணலுக்கே 16,800 ரூபாய் போயிருக்கும்.

இந்தச் சோதனை மணலைத்தான் காட்டும். இலுப்பைப் புண்ணாக்கு கலந்திருந்தால் தெரியாது. அதுக்குத் தனியாகக் குப்பியில் போட்டுக் குலுக்கி, நுரை அதிகமாகக் கட்டுகிறதா என்று பாருங்கள்.

வரும் நாளுக்கும் நிபந்தனைக்கும் இதே மாதிரி ஐந்துக்கு மதிப்பிட்டோம். மூன்றாவது கடை 20 நாள் கேட்டதால் அதுக்கு 2. மற்ற இரண்டும் 10 நாளில் தருவதாகச் சொன்னதால் 4. ஐந்துக்கு வந்ததை ஒதுக்கிய மதிப்பெண்ணுக்கு மாற்றினால் தாள் இப்படி ஆகும்:

| | முதல் கடை | இரண்டாவது | மூன்றாவது |
|---|---|---|---|
| தரம் (40) | 16 | 32 | 40 |
| விலை (30) | 30 | 29 | 26 |
| வரும் நாள் (20) | 16 | 16 | 8 |
| நிபந்தனை (10) | 4 | 8 | 8 |
| மொத்தம் | 66 | 85 | 82 |

85-க்கும் 82-க்கும் மூணு மதிப்பெண்தான் வித்தியாசம். இதை வைத்து உடனே முடிவு கட்டக் கூடாது. தரத்துக்கு 50, விலைக்கு 20 என்று மாற்றிப் போட்டுப் பார்த்தோம். இரண்டாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய சமமாகி, 83-ஐ ஒட்டி நின்றன. முதல் கடை 60-க்கு இறங்கியது. இப்படி மாற்றினாலும் முதல் கடை தேறவில்லை. மற்ற இரண்டில் எது என்பதைத் தாள் தீர்க்கவில்லை.

ஆனால் யாரிடம் என்ன பேசணும் என்பதைத் தாள் காட்டிவிட்டது. மூன்றாவது கடையின் குறை நாள்தான். 10 நாளில் அனுப்ப முடியுமா என்று கேட்டோம். முடிந்தால் அது 90-க்கு ஏறிவிடும். அவர்களால் முடியவில்லை. கடைசி உழவுக்கு முன் புண்ணாக்கு வந்தாகணும் என்பதால் இரண்டாவது கடையில் வாங்கினோம். கிலோவுக்கு 3 ரூபாய் வீதம் 15,000 ரூபாயும் மிச்சம்.

ரெண்டு விஷயத்தில் கவனம் வேணும். மணலுக்குத் தரத்தில் மதிப்பெண் குறைத்தால், அதே மணலைக் கழித்து விலையையும் கூட்டிப் போடாதீங்க. ஒரே குறைக்கு ரெண்டு தண்டனை ஆகிவிடும். அடுத்தது, மதிப்பெண் எல்லாம் சாம்பிளுக்குத்தான், லாரிக்கு இல்லை. சாம்பிளில் ஒரு கிலோவைக் கட்டி, ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். லாரி வந்ததும் பத்து மூட்டையில் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கலந்து, அதே தண்ணீர்ச் சோதனையைச் செய்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.