200 கேபிக்குள் ஒரு மார்க் ஷீட்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற வழியில் இருக்கிறது எங்கள் சேரப்பணஞ்சேரி. இங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளைகள். ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்துவிட்டு, நாலைந்து பேர் சேர்ந்து ரூம் எடுத்து, கான்ட்ராக்டில் ஷிப்டுக்குப் போகிறவர்கள். முன்பெல்லாம் ஸ்கேன் எடுக்க வருவார்கள். இப்போது போனிலேயே எடுத்துவிட்டு, "அண்ணே, அப்லோடு ஆக மாட்டேங்குது" என்று வருகிறார்கள். எடுத்துப் பார்த்தால் தகராறு அநேகமாக ஒரே இடத்தில்தான் இருக்கும்: லேமினேஷன் போட்ட பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும், விண்ணப்பப் படிவம் கேட்கிற 200 கேபி வரம்பும்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஃபிட்டர் தம்பியின் கதையைச் சொல்கிறேன். அவன் போனில் எடுத்த பிடிஎஃப் 3 எம்பி இருந்தது. தளம் ஏற்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று இணையத்தில் ஒரு 'கம்ப்ரஸ்' தளத்தில் போட்டு 90 கேபிக்குக் கொண்டுவந்துவிட்டான். அப்லோடு ஆகிவிட்டது. பிறகு, 'ஆவணம் தெளிவாக இல்லை' என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. போனில் சின்னதாகப் பார்க்கும்போது அந்தப் பிடிஎஃப் நன்றாகத்தான் தெரிந்தது. பதிவு எண்ணை விரித்துப் பார்த்தேன். 3 எது, 8 எது என்று எனக்கே தெரியவில்லை.

காரணம் எளிது. ஏ4 தாள் ஏறக்குறைய எட்டேகால் அங்குல அகலம். ஒரு அங்குலத்துக்கு 150 புள்ளி வைத்தால் அகலத்துக்கு 1240 புள்ளி வரும். மார்க் ஷீட்டின் பொடி எழுத்துக்கும் அது போதும். கடுமையாக அமுக்குகிற தளங்கள் இதை 72-க்கு இறக்கிவிடுகின்றன. அப்போது அகலமே 595 புள்ளிதான். அதில் பொடி எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே கடைசியில் அமுக்குவதைவிட, படம் எடுக்கும்போதே தேவையில்லாத எடையைத் தவிர்ப்பதுதான் வழி.

அவனை ரூமுக்குப் போய் மார்க் ஷீட்டை எடுத்துவரச் சொன்னேன். முதல் வேலையாகப் போனின் லென்ஸைப் பனியன் துணியால் துடைத்தேன். மெஷின் ஷாப்பிலிருந்து வருகிறவன் கையில் கூலன்ட் எண்ணெய் இல்லாமல் இருக்காது. அது லென்ஸில் படிந்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளையாகப் பனிமூட்டம் கட்டும். எந்த ஆப்பும் அதைச் சரி செய்யாது.

அடுத்தது பளபளப்பு. இரவில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே கட்டில் மேல் வைத்து எடுத்திருந்தான். லேமினேஷன் கண்ணாடி மாதிரி அந்த விளக்கைத் திருப்பிக் காட்டி, நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை. அதற்குள் இரண்டு பாடத்தின் மதிப்பெண் காணாமல் போயிருந்தது. கூடவே போனின் நிழலும் விழுந்திருந்தது. ஃபிளாஷ் போட்டால் இன்னும் மோசம். பகலில், கதவோரம் தரையில், வெளிச்சம் பக்கவாட்டில் வருகிற மாதிரி வைத்தால் இரண்டுமே போய்விடும். அப்படியும் எங்காவது மின்னினால் தாளைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு கோணத்தில் பளபளப்பு தாளைவிட்டு வெளியே நகர்ந்துவிடும்.

அடியில் கறுப்பு நிறத்தில் ஒரு துணி விரித்தேன். வெள்ளை டைல்ஸ் மேல் வெள்ளைத் தாளை வைத்தால் ஆப்புக்கு ஓரம் எங்கே என்று தெரியாது; மூலையைத் தின்றுவிடும், இல்லையென்றால் தரையையும் சேர்த்துக்கொள்ளும். போனைத் தாளுக்கு மிக அருகில் கொண்டுபோகவில்லை. சற்றே உயரத் தூக்கி, 2x வைத்து எடுத்தோம். கிட்டே வைத்தால் தாளின் ஓரங்கள் வளைகின்றன, நிழலும் விழுகிறது. எழுத்தின் மேல் விரலால் தொட்டு ஃபோகஸ் நின்ற பிறகுதான் பட்டனை அழுத்தினோம்.

ஆப் எது என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் எல்லாரும் வைத்திருந்த கேம்ஸ்கேனர், 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் ஒன்று. இப்போது கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. அடோபி ஸ்கேனும் உண்டு. எனக்கு எதுவும் ஒன்றுதான். முக்கியம், எடுத்தபின் எந்த ஃபில்டரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது. 'பிளாக் அண்ட் ஒயிட்' வைத்தால் கோப்பு மிகச் சின்னதாகும், எழுத்தும் கூர்மையாக இருக்கும். ஆனால் அந்த முறையில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. மங்கிய ஊதா ரப்பர் ஸ்டாம்பு மறைந்துவிடும், பச்சை மைக் கையெழுத்து துண்டு துண்டாகும், ஃபோட்டோ கரிப்பூச்சாகிவிடும். பழைய ஜாதிச் சான்றிதழில் இதைச் செய்தால் முத்திரை இல்லாத தாள்தான் மிஞ்சும். கலர் வேண்டும் என்று படிவம் சொல்லாதவரை 'கிரேஸ்கேல்' போதும். மார்க் ஷீட்டின் பின்னணியில் மெல்லிய கோலம் போல ஓடுகிற பாதுகாப்பு வரிகள்தான் கோப்பின் எடையைக் கூட்டுகின்றன. கலரில் அவை அப்படியே நிற்கும், கிரேஸ்கேலில் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினால் வெளுத்துப்போகும்.

இவ்வளவும் செய்தபின்பும் கோப்பு 700 கேபி இருந்தது. இங்கேதான் வாட்ஸ்அப் உதவும். பிடிஎஃப்பாக ஆக்காமல் ஸ்கேனைப் படமாகச் சேமித்து, தனக்கே சாதாரணத் தரத்தில் ஃபோட்டோவாக அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப் அதன் நீளப்பக்கத்தைச் சுமார் 1600 புள்ளிக்குக் குறைத்துவிடும். ஏ4 நீளத்துக்கு அது அங்குலத்துக்கு 137 புள்ளி. பதிவு எண் படிக்க வரும். திரும்ப வந்த படத்தைத் திறந்து, பிரின்ட் போய், 'Save as PDF' கொடுத்தோம். 170 கேபி. எல்லாப் போனிலும் இதே கணக்கு வரும் என்று சொல்ல மாட்டேன். கூடினால் ஓரங்களை இன்னும் ஒட்ட வெட்டிவிட்டுத் திரும்ப அனுப்ப வேண்டியதுதான். வரம்புக்குப் பத்துக் கேபியாவது கீழே நிற்பது நல்லது, ஏனென்றால் போன் காட்டுகிற அளவும் தளம் எண்ணுகிற அளவும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆனால் பிடிஎஃப் தயாரான பிறகு நண்பனுக்கோ எச்ஆருக்கோ அனுப்பும்போது 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்துத்தான் அனுப்ப வேண்டும். கோப்பின் பெயர் `SSLC.pdf` என்கிற மாதிரி இருக்கட்டும். இடைவெளியும் தமிழ் எழுத்தும் இருந்தால் சில தளங்கள் காரணம் சொல்லாமல் தள்ளிவிடும். `.jpg` என்பதை அழித்து `.pdf` என்று பெயர் மாற்றுகிறவர்களும் உண்டு. பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது படம்தான், தளம் கண்டுபிடித்துவிடும்.

இ-சேவை மையத்தில் வாங்குகிற வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் போன்றவற்றை ஸ்கேனே எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. அவை பிறக்கும்போதே பிடிஎஃப். அதைப் பிரின்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, மறுபடி போனில் படம் பிடித்து, கியூஆர் கோடு படிக்காத அளவுக்கு மங்கவைத்துக் கொண்டுவருகிறார்கள். கொடுத்த பிடிஎஃப்பையே மெயிலில் வாங்கி வைத்துக்கொண்டால் போதும். மார்க் ஷீட் டிஜிலாக்கரில் கிடைத்தால் அதுவும் அப்படியே.

இ-ஆதாரில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்ட் இருக்கும்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம். அப்படியே ஏற்றினால் அங்கே சரிபார்ப்பவரால் திறக்க முடியாது. ஒரு முறை பாஸ்வேர்ட் போட்டுத் திறந்து, பிரின்டில் போய் பிடிஎஃப்பாகச் சேமித்தால் பூட்டில்லாத பிரதி கிடைக்கும். அதைக் கடை கம்ப்யூட்டரில் செய்தால், வேலை முடிந்ததும் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் இருப்பதை அழித்தேனா என்று என்னிடம் நின்று கேட்டுவிட்டுப் போங்கள்.