திரையில் தெரிந்த இலாபம்

நுழையும்முன்

பங்கு வணிகம் இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டது. தரகர் அலுவலகத்தின் படியேறாமலேயே ஒருவர் பங்கு வாங்கலாம், விற்கலாம். அதே கைப்பேசியின் வழியே, பங்கு வாங்குவது போன்ற தோற்றத்தை மட்டும் தந்து பணத்தைக் கவரும் போலிச் செயலிகளும் வருகின்றன. மெய்யான கணக்கையும் போலித் திரையையும் எவ்வாறு பிரித்தறிவது என்பதை இப்பாடம் ஒரு கற்பனை எடுத்துக்காட்டின் வழியே விளக்குகிறது.

மலையூரில் ஒரு குடும்பம்

திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் நகரில் உள்ள நாயுடுபுரத்தில் ஒரு குடும்பம் வாழ்வதாகக் கொள்வோம். வீட்டின் மேல்தளத்தைச் சுற்றுலாப் பயணியர்க்கு வாடகைக்கு விடுவதே அக்குடும்பத்தின் தொழில். சித்திரையும் வைகாசியும் வருவாய் மிகுந்த மாதங்கள். மழைக்காலம் தொடங்கியபின் அறைகள் பூட்டிக் கிடக்கும். கோடையில் ஈட்டிய பணத்தைக் கொண்டே ஆண்டின் எஞ்சிய நாள்களைக் கடத்தவேண்டும். மதுரையில் கல்லூரியில் பயிலும் மகளின் கட்டணமும் அதிலிருந்தே செல்லவேண்டும்.

ஆடி மாதத்தின் ஓய்வான ஒரு நாளில், குடும்பத் தலைவரின் எண் அவரைக் கேளாமலேயே ஒரு புலனக் குழுவில் சேர்க்கப்படுகிறது. புகழ்பெற்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் ஒன்றின் பெயரும் சின்னமும் குழுவின் முகப்பில் உள்ளன. ‘பேராசிரியர்’ எனப்படும் ஒருவர் நாள்தோறும் எந்தப் பங்கை வாங்கலாம் என்று எழுதுகிறார். மாலையில் உறுப்பினர் பலர் தாம் பெற்ற இலாபத்தின் படங்களை இட்டு நன்றி கூறுகின்றனர். இருநூறு பேர் உள்ள அக்குழுவில் ஐயத்துடன் கேள்வி கேட்பவர் ஒருவரும் இல்லை. கேட்டவர் உடனே நீக்கப்படுகிறார் என்பதும், நன்றி கூறுவோருட் பலர் மோசடிக் கும்பலின் ஆட்களே என்பதும் புதிதாகச் சேர்ந்தவருக்குத் தெரிவதில்லை.

இரண்டு வாரம் கழித்து, ‘நிறுவனக் கணக்கு’ தொடங்கினால் சந்தை விலையைவிடக் குறைந்த விலையில் பங்கு கிடைக்கும் என்று கூறி, ஒரு செயலியின் இணைப்பு அனுப்பப்படுகிறது. அவர் முதலில் 10,000 ரூபாய் செலுத்துகிறார். மூன்றாம் நாள் அது 11,800 ஆக வளர்ந்திருப்பதாகத் திரை காட்டுகிறது. சோதித்துப் பார்க்க 2,000 ரூபாயைத் திரும்பக் கேட்கிறார். அது அன்றே அவருடைய வங்கிக் கணக்கிற்கு வந்துவிடுகிறது. அவருடைய ஐயம் அகன்ற இடம் இதுவே. கும்பலுக்கோ அந்த 2,000 ரூபாய் தூண்டிலில் கோத்த இரை.

அடுத்து அவர் 1,00,000 ரூபாய் செலுத்துகிறார். பின்னர், புதிய பங்கு வெளியீடு ஒன்றில் அவருக்குப் பெருந்தொகைக்குப் பங்குகள் ஒதுக்கப்பட்டுவிட்டன என்றும், எஞ்சிய 2,40,000 ரூபாயை இரண்டு நாளில் கட்டாவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்றும் செய்தி வருகிறது. கோடை வருவாய் முழுவதையும் திரட்டி அதையும் கட்டுகிறார். இப்போது திரையில் இருப்பு 9,18,000 ரூபாய் எனத் தெரிகிறது. அவர் பணத்தை எடுக்க முயல்கிறார். இலாபமாகிய 5,70,000 ரூபாய்க்கு 20 விழுக்காடு வரி, அதாவது 1,14,000 ரூபாயை, முன்கூட்டியே செலுத்தினால்தான் பணம் விடுவிக்கப்படும் என்று விடை வருகிறது.

மகள் கேட்ட மூன்று கேள்விகள்

வரிப்பணத்திற்காக நகையை அடகு வைக்க எண்ணிய நிலையில் அவர் மகளிடம் செய்தியைக் கூறுகிறார். வணிகவியல் பயிலும் அவள் மூன்று கேள்விகள் கேட்கிறாள்.

“அப்பா, பங்கு வாங்கியதும் டெபாசிட்டரியிலிருந்து உங்களுக்குக் குறுஞ்செய்தி வந்ததா?”

வரவில்லை. இந்தியாவில் ஒருவர் வாங்கும் பங்கு, தரகரின் செயலிக்குள் தங்குவதில்லை. என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் என்னும் இரண்டு டெபாசிட்டரிகளுள் ஒன்றில் அவர் பெயரில் உள்ள டிமேட் கணக்கில் அது வரவு வைக்கப்படும். வாங்கியதற்கு அடுத்த வேலைநாளில் இவ்வரவு நிகழ்வது இயல்பு. தரகர் அனுப்பும் ஒப்பந்தச் சீட்டு மின்னஞ்சலில் வரும். டெபாசிட்டரி அனுப்பும் கணக்கு அறிக்கை தரகரைச் சாராமல் தனியே வரும். ஆகவே, செயலி காட்டும் இருப்பைச் சரிபார்க்க, செயலிக்கு வெளியே ஒரு சான்று எப்போதும் உண்டு. நாயுடுபுரத்துக் குடும்பத் தலைவருக்கு டிமேட் கணக்கே தொடங்கப்படவில்லை. அவர் கண்ட 9,18,000 என்பது எந்தப் பங்கின் மதிப்பும் அன்று. கும்பல் தன் கணினியில் தட்டச்சு செய்த ஓர் எண்.

“புதிய பங்கு வெளியீட்டிற்குப் பணத்தை யாருக்கு அனுப்பினீர்கள்?”

மூன்று முறையும் மூன்று வெவ்வேறு தனியார் பெயரிலான வங்கிக் கணக்குகளுக்கு அனுப்பியிருக்கிறார். மெய்யான புதிய வெளியீட்டில் விண்ணப்பத் தொகை விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்கிலேயே இருக்கும். அது செலவிடப்படாதவாறு நிறுத்தி வைக்கப்படும். பங்கு ஒதுக்கப்பட்டால் மட்டுமே உரிய தொகை கழிக்கப்படும். ஒதுக்கப்படாவிட்டால் தடை நீங்கும். ‘அஸ்பா’ எனப்படும் இம்முறையில் விண்ணப்பித்த தொகைக்கு மேல் பங்கை ஒதுக்கி, மீதியைக் கட்டுமாறு மிரட்டுவதற்கு இடமே இல்லை. தரகருக்குப் பணம் அனுப்பும்போதும் அது தரகு நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கிற்கே செல்லவேண்டும்.

“வரியைப் பங்குத் தரகரிடம் ஏன் முன்கூட்டியே கட்டவேண்டும்?”

கட்டவேண்டியதில்லை. பங்கு விற்ற ஆதாயத்திற்கான வரியை இந்நாட்டில் வாழ்பவர் வருமான வரித் துறைக்குத் தாமே செலுத்துகிறார். பரிவர்த்தனையின்போது கழிக்கப்படும் சிறு வரிகளும் கட்டணங்களும் ஒப்பந்தச் சீட்டிலேயே கணக்கிடப்பட்டிருக்கும். தம் பணத்தை எடுக்க மேலும் பணம் கேட்பது எந்தப் பெயரில் வந்தாலும், வரி, காப்புத்தொகை, சரிபார்ப்புக் கட்டணம் என எதுவாயினும், மோசடியின் இறுதிக் கட்டம் என்றே கொள்ளவேண்டும். நாயுடுபுரத்துக் குடும்பம் அதுவரை இழந்தது 3,48,000 ரூபாய். மகளின் கேள்வியால் 1,14,000 ரூபாயும் நகையும் தப்பின.

தெரிந்து தெளிவோம்

இந்தியப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பாகிய செபி, 2024 பிப்ரவரி 26 அன்று இத்தகைய மோசடிகள் குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது. வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்க்குரிய வழி, சில விலக்குகள் நீங்கலாக, இந்தியாவில் வாழ்வோர்க்கு இல்லை என்றும், பங்கு வணிகத்தில் தனிநபர்க்கான ‘நிறுவனக் கணக்கு’ என்ற ஒன்றே இல்லை என்றும் அது தெளிவுபடுத்தியது.

மெய்யான கணக்கிற்கு வரும் தூண்டில்

முறையான தரகரிடம் கணக்கு வைத்திருப்போர்க்கு ஆபத்து வேறு வடிவில் வருகிறது. ‘உங்கள் விவரங்கள் புதுப்பிக்கப்படவில்லை, இன்று மாலைக்குள் டிமேட் கணக்கு முடக்கப்படும்’ என்ற குறுஞ்செய்தியுடன் ஓர் இணைப்பு வரும். அது திறக்கும் பக்கம் தரகரின் பக்கத்தைப் போன்றே இருக்கும். அங்கே இடும் கடவுச்சொல்லும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அந்நொடியே மோசடியாளரைச் சென்றடையும். இதுவே தூண்டில் மோசடி.

இணைய முகவரியைப் படிக்கும் முறையை அறிந்தால் இதனைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். `sebi.gov.in.example.com` என்னும் முகவரியைக் காண்க. இடப்பக்கம் செபியின் பெயர் இருப்பதால் அது செபியின் தளம் எனத் தோன்றும். ஆனால் ஒரு தளத்தின் உரிமையாளரைக் காட்டுவது, முதற் சாய்கோட்டிற்கு முன் அமைந்த பெயரின் வலப்பக்க இறுதிப் பகுதியே. இங்கு அது `example.com`. செபியின் மெய்யான முகவரி `sebi.gov.in` என்றே முடியும். எனினும் ஓரெழுத்து மாறிய முகவரியைக் கண் தவறவிடக்கூடும். எனவே, செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், தரகரின் செயலியைத் தாமே திறந்து பார்ப்பதே உறுதியான வழி.

செயலியையும் புலனத்தில் வந்த கோப்பிலிருந்து நிறுவலாகாது. செயலிக் கடையில் இருப்பது மட்டுமே போதிய சான்றாகாது. போலிகள் அங்கும் சில வேளைகளில் நுழைந்துவிடுகின்றன. தரகரின் பெயரையும் பதிவெண்ணையும் செபியின் இணையதளத்தில் தேடி, அங்குக் கிடைக்கும் தரகரின் முகவரி வழியே செயலியை அடையவேண்டும். பணம் அனுப்புமுன், பெறுவோரின் யுபிஐ முகவரி பதிவுபெற்ற தரகருடையதா என்பதைச் ‘செபி செக்’ என்னும் வசதியில் சரிபார்க்கலாம். பதிவுபெற்றோர்க்கென 2025 அக்டோபர் முதல் வழங்கப்படும் யுபிஐ முகவரிகளில் `@valid` என்ற சொல்லுடன் வங்கியின் பெயர் இணைந்திருக்கும்.

கடவுச்சொல்லைத் தவறான பக்கத்தில் இட்டுவிட்டதாக உணர்ந்தால், உடனே தரகரிடம் கூறி வணிகக் கணக்கைத் தற்காலிகமாக முடக்கலாம். பிறகு கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் மாற்றவேண்டும். மின்னஞ்சல் பிறர் கையில் இருந்தால் புதிய கடவுச்சொல்லும் அவர் கைக்கே போகும்.

பணம் போன பின்

மகள் தந்தையை அழைத்து 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணில் பேச வைக்கிறாள். `cybercrime.gov.in` தளத்திலும் புகார் பதிகிறாள். பணம் அனுப்பிய நாள், நேரம், தொகை, பரிவர்த்தனை எண், பெற்றவரின் கணக்கு எண் ஆகியவற்றை வரிசையாக எழுதிக் கொடுக்கிறாள். குழுவை விட்டு வெளியேறுமுன் உரையாடல்களைப் படமெடுத்து வைக்கிறாள்; வெளியேறியபின் அவை அழிக்கப்படலாம்.

புகார் பதிவானதும் பணம் சென்ற வங்கிகளுக்குத் தகவல் போகிறது. கணக்கில் எஞ்சியுள்ள தொகையை வங்கி நிறுத்தி வைக்க இயலும். ஆனால் பணம் முதற் கணக்கில் நெடுநேரம் தங்குவதில்லை. அது சில மணி நேரத்தில் பல கணக்குகளாகப் பிரிந்து, பணமாக எடுக்கப்பட்டோ வெளிநாடு கடத்தப்பட்டோ போகும். ஆகவே இறுதியாக அனுப்பிய தொகையில் ஒரு பகுதி கிடைக்கலாம். முன்னர் அனுப்பியது மீள்வது அரிது. ‘இழந்ததை மீட்டுத் தருகிறோம், கட்டணம் செலுத்துக’ என்று அடுத்து வரும் அழைப்பும் பெரும்பாலும் அதே வலையின் மறுமுனையே.

இச்சங்கிலியில் மாணவர்க்கு நேரடித் தொடர்புடைய கண்ணி ஒன்று உண்டு. பணம் கைமாறும் வங்கிக் கணக்குகளுட் பல, சிறு தொகைக்காக வாடகைக்குக் கொடுக்கப்பட்டவை. ‘உன் கணக்கையும் அட்டையையும் ஒரு வாரம் கொடு, ஐயாயிரம் தருகிறோம்’ என்ற சொல்லுக்கு இணங்கும் இளைஞரின் பெயரையே காவல்துறை முதலில் சென்றடைகிறது. மோசடியைத் திட்டமிட்டவர் எங்கோ இருக்க, கணக்கைக் கொடுத்தவர் குற்ற வழக்கிற்கு விடை கூறவேண்டியவராகிறார். நாயுடுபுரத்திலிருந்து போன பணமும் அத்தகைய மூன்று கணக்குகளுக்கே சென்றது.

கற்பவை கற்றபின்...

1. மெய்யான புதிய பங்கு வெளியீட்டில் விண்ணப்பத் தொகை எங்கு இருக்கும்? போலிச் செயலியின் கோரிக்கை அதனின்று எவ்வாறு வேறுபடுகிறது?

2. கும்பல் 2,000 ரூபாயைத் திருப்பித் தந்தது ஏன்? காரணத்தை விளக்குக.

3. உம் வீட்டில் பங்கு முதலீடு செய்பவர் இருப்பின், டெபாசிட்டரி அனுப்பிய அறிக்கையையும் செயலி காட்டும் இருப்பையும் அவருடன் ஒப்பிட்டுப் பார்த்து, கண்டதை வகுப்பறையில் எடுத்துரைக்க.